பெரியப்பாவின் நட்புக் கோரிக்கை: ஓர் ஆய்வு

பேஸ்புக்கில் பெரியப்பா அனுப்பும் நட்புக் கோரிக்கையை மனம் கோணாமல் தட்டிக்கழிப்பது எப்படி என்பதற்குத் தொல்காப்பியத்தில் நூற்பா இல்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெரியப்பா ஓய்வுபெற்றவர். விடியுமுன் குடும்ப வாட்ஸாப் குழுவில் ரோஜாப்பூவோடு வணக்கம் வைப்பவர். கோரிக்கையை அனுப்பிய கையோடு, “தம்பி, ரிக்வெஸ்ட் குடுத்துருக்கேன், பாரு” என்று போனிலும் சொல்லிவிடுவார். ஆகவே ‘பார்க்கவில்லை’ என்ற வாதம் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகிறது.

கிடப்பில் போடலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. நாம் தொடாதவரை அது அவர் திரையில் அனுப்பிய கோரிக்கையாகவே நிற்கும்; தாலுகா ஆபீஸ் மனுவைப் போல அவரும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். அழித்துவிடலாம் என்பது மறுசாரார் கொள்கை. அழித்தால் அவருக்கு அறிவிப்பு போகாது, உண்மைதான். ஆனால் ஞாயிறு மதியம் அம்மாவுக்குப் போன் வரும்.

இதே கோரிக்கை அலுவலக மேலாளரிடமிருந்து வந்தால் விஷயம் இதைவிட எளிது. “சார், பேஸ்புக் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். லிங்க்டுஇன்ல சேர்த்துக்கிறேன்” என்றால் முடிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பொது நண்பராக அவர் கண்ணில் படாதவரை இந்தச் சொல் செல்லும்.

பெரியப்பாவுக்கு உகந்தது, ஏற்றுக்கொண்டே மறுக்கும் மூன்றாம் வழி. கோரிக்கையை ஏற்றபின் அவர் பக்கத்தில் நண்பர் பொத்தானை அழுத்தி, நண்பர் பட்டியலைத் திருத்தும் இடத்தில் Restricted என்பதில் சேர்த்துவிட வேண்டும். பட்டியலில் நண்பராகவே இருப்பார். ஆனால் நீங்கள் பொதுவில் இடுவதும் அவரை டேக் செய்வதும் மட்டுமே அவருக்குத் தெரியும். சேர்த்த செய்தி அவருக்குப் போகாது. பொங்கலுக்கு ஒரு குடும்பப் படத்தைப் பொதுவில் போட்டுவைத்தால் ஐயமும் எழாது.

இவ்வழிக்கும் ஓர் ஓட்டை உண்டு. அது அத்தை மகன். பெரியப்பா பேத்தியின் காதுகுத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒருவர் குற்றாலம் போகிறார் எனக் கொள்வோம். அருவியில் தலை நனைத்த படத்தை அவர் எங்கும் போடவில்லை. உடன் வந்த அத்தை மகன் போடுகிறான். பெயரையும் டேக் செய்கிறான். அவன் பெரியப்பாவுக்கும் நண்பன். அந்தப் பதிவு அவனுடையது என்பதால் நம் Restricted அங்கே செல்லுபடியாகாது. டேக்கைச் சரிபார்க்கும் அமைப்பு அதை நம் பக்கத்தில் வராமல் தடுக்குமே தவிர, அவன் பக்கத்தில் அது இருந்துகொண்டுதான் இருக்கும். டேக்கை நீக்கினால் பெயர் போகும். அருவியடியில் நிற்கும் முகம் போகாது. முதல் லைக் பெரும்பாலும் பெரியப்பாவுடையதே.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியப்பாவை Restricted-இல் சேர்க்குமுன் அத்தை மகனிடம் பேசிவிடுங்கள். அல்லது காதுகுத்துக்குப் போய்விடுங்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்.