ரோல்பேக் என்ற ஒரு வரி

எங்கள் ஆபீஸில் எந்த மாற்றத்துக்கும் படிவத்தில் ரிஸ்க் 'குறைவு'தான். 'நடுத்தரம்' என்று போட்டால் வியாழக்கிழமை ஒப்புதல் கூட்டத்தில் போய் நிற்க வேண்டுமே!

போன மாதம் டேட்டாபேஸில் யாரும் தொடாத ஒரு பழைய நெடுவரிசையை நீக்கினோம். பராமரிப்பு நேரம் ஞாயிறு அதிகாலை 2 முதல் 4 வரை. ரோல்பேக் கட்டத்தில் ஒரே வரி: "பேக்கப்பிலிருந்து மீட்கப்படும்." ஆறு பேர் ஒப்புதல் கொடுத்தார்கள். மீட்க எவ்வளவு நேரமாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

3:40க்கு பில்லிங் படுத்துக்கொண்டது. மீட்க மூன்று மணி நேரம் பிடித்தது. கணக்குப் போட்டால், 4 மணிக்குள் முடிக்க 1 மணிக்கே மீட்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதாவது, வேலையைத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே.

படிவத்தைத் திருத்திவிட்டார்கள். ஏழாவது கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.