ஏரியைப் பார்க்காத ஏரி ஆய்வு

கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தே ஆகவேண்டும். சுற்றுச்சூழல் கல்வித் தாளுக்கான களப்பணி ரெக்கார்டு வருடா வருடம் அவர் கடையிலிருந்துதான் வெளியாகிறது. பச்சை அட்டை, ஸ்பைரல் பைண்டிங், முதல் பக்கத்தில் நன்றியுரை, மூன்றாம் பக்கத்தில் தாமரை பூத்த குளம். பெயரும் பதிவெண்ணும் மட்டும் மாறும். அறுபது ரெக்கார்டிலும் அதே குளம், அதே கரை, அதே கொக்கு. கொக்குக்கே சலித்திருக்கும். திருத்துகிற ஆசிரியருக்குச் சலிக்க வாய்ப்பில்லை. அவர் அட்டையைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

இந்தத் தாள் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமானது. பல்கலைக்கழக மானியக் குழு தந்த பாடத்திட்டத்தில் களப்பணிக்கு 100-க்கு 25 மதிப்பெண். உள்ளூர் ஆறு, மலை, காடு ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்து ஆவணப்படுத்து, பக்கத்தில் மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போ, செடி, பூச்சி, பறவைகளைக் கவனி, குளத்தைப் படி. வேறொருவரிடம் காசு கொடுத்து வாங்க முடியாத வேலை எதுவோ, அதையே தேடிப் பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி விற்கக்கூடிய சரக்காக மாற்றியது நம் கல்லூரிகளின் தனிச் சாதனை.

சாதனையின் சூத்திரம் எளிது. “உங்கள் பகுதியிலுள்ள ஒரு நீர்நிலை பற்றிக் கட்டுரை எழுதுக, இருபது பக்கம், கடைசித் தேதி 15” என்று கேட்டால் போதும். எந்த நீர்நிலை என்று கேட்கவில்லை. எப்போது போனாய் என்று கேட்கவில்லை. நடுவில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடைசியில் வந்து விழும் காகிதக் கட்டுக்குத்தான் மதிப்பெண். காகிதக் கட்டுக்கு மதிப்பெண் என்றால் காகிதக் கட்டுக்குச் சந்தை வரும். இன்று அதைச் சீனியர் அக்கா தருகிறார், கடைக்காரர் தருகிறார், செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் இலவசமாகவே தருகிறது. மாணவன் சோம்பேறி என்று திட்டுகிறோம். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒன்றுக்கு வெயிலில் போய் நிற்காதவன் சோம்பேறி அல்ல, கணக்குத் தெரிந்தவன்.

கண்டுபிடிக்க மென்பொருள் வாங்கியிருக்கிறோமே என்பார்கள். 2018-இல் வந்த மானியக் குழு விதிமுறைப்படி 10 சதவீதம்வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த வார்த்தைகள் வேறெங்காவது இருக்கின்றனவா என்பது. கூலிக்கு ஆள் வைத்துப் புதிதாக எழுதி வாங்கியவனுக்குப் பூஜ்யம் சதவீதம், பாராட்டு. தானே உட்கார்ந்து எழுதி, மேற்கோள் போடத் தெரியாமல் மாட்டிக்கொண்டவனுக்கு மெமோ. நல்ல நீதி!

ஆஸ்திரேலியாவில் ட்ரேசி பிரெட்டாக் குழுவினர் 8 பல்கலைக்கழகங்களில் 14,086 மாணவர்களிடம் கேட்டு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளியே கொடுத்துச் செய்யும் வாய்ப்பு குறைவு என்று மாணவர்களே சொன்னவை நான்கு: வகுப்பிலேயே செய்வது, ஆளுக்கு ஆள் மாறும் பணி, நேரில் கேட்கும் வாய்மொழித் தேர்வு, தான் செய்த களப்பயிற்சியைத் திரும்பிப் பார்த்து எழுதுவது. நம் பாடத்திட்டத்தில் இருக்கும் குளமே இந்த நான்கையும் தாங்கும். தாங்க வைக்கிறவர்தான் இல்லை.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: பதிவெண் 1 முதல் 60 வரை ஆளுக்கொரு இடம். ஒருவருக்குக் கோயில் தெப்பக்குளம், ஒருவருக்கு ஏரியின் மதகடி, ஒருவருக்குத் தெருமுனைக் குட்டை. மூன்று வாரம், வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். கருவி, 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு. நான்கு பங்காக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, எடை கட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். செக்கித் தட்டு என்பார்கள். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் தண்ணீரின் தெளிவு தெரிந்துவிடும். தரை தட்டிய பிறகும் தட்டு தெரிந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். கரையிலேயே பேனாவால் எழுதிய குறிப்பு, அடித்தல் திருத்தலோடு, அன்று மாலையே ஆசிரியர் கைக்கு வர வேண்டும்.

இங்கே பொய் தானாக வெளியே வரும். வீட்டில் உட்கார்ந்து எழுதியவனின் எண்கள் 60, 55, 50 என்று படிக்கட்டு மாதிரி இறங்கும். போனவனின் எண்கள் கோணலாக இருக்கும். இரண்டாம் வாரம் மழை பெய்திருந்தால் கரைமண் கரைந்து ஓடிவந்து தண்ணீர் கலங்கியிருக்கும், தட்டு சீக்கிரம் மறைந்திருக்கும். பக்கத்துக் குட்டைகளில் அளந்த ஐந்து பேருக்கும் அந்த வாரம் எண் குறைந்து, ஒருவனுக்கு மட்டும் கூடியிருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். திருடன் என்று சொல்ல வேண்டாம். காரணம் கேட்டால் போதும். உண்மையாகவே அவன் குளத்துக்கு வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கலாம். அப்படியானால் வகுப்பிலேயே பெரிய கண்டுபிடிப்பு அவனுடையது.

கடைசியில் எழுதும் சிந்தனைக் குறிப்பிலும் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். “இதனால் நீ கற்றது என்ன?” என்று கேட்டால் “இக்களப்பயணம் எனக்குள் விழிப்புணர்வை ஏற்படுத்தியது” என்று அறுபது பேரும் எழுதுவார்கள். “உன் அளவுகளில் எதை நீயே நம்பவில்லை? ஏன்? அதற்கு என்ன செய்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். விழிப்புணர்வு வியாபாரிக்குப் பதில் வராது. மதிப்பெண்ணையும் மாற்றிப் போடுங்கள்: 25-இல் கரைக் குறிப்புக்கு 10, நேரில் பேசுவதற்கு 10, பைண்டு செய்த ரெக்கார்டுக்கு 5. ஐந்து மதிப்பெண்ணுக்கு எவன் காசு கொடுப்பான்?

இதிலும் ஏமாற்றலாம். தம்பியை அனுப்பி அளக்கச் சொல்லலாம், குறிப்பை வேறொருவர் எழுதித் தரலாம். ஆனால் ஐந்து நிமிடம் எதிரே உட்கார்ந்து, “மதகடியில் எந்தப் பக்கம் நின்று கயிற்றை விட்டாய்? வெயில் எந்தப் பக்கம் அடித்தது?” என்று கேட்பவரைத் தாண்டிப் போவது கடினம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத்தான் கல்லூரி தர மறுக்கிறது.

கணக்குப் போடுங்கள். 60 பேர், ஆளுக்கு 5 நிமிடம்: 300 நிமிடம், 5 மணி நேரம். மானியக் குழுவின் பாடத்திட்டம் களப்பணிக்கு ஒதுக்கியதும் ஐந்து விரிவுரைக்கு ஈடான நேரம்தான். நேரம் தாளில் இருக்கிறது. அதைத் தின்றது யார்? நாக் குழு வரும்போது காட்ட வேண்டிய கோப்புகள். நடக்காத களப்பயணத்துக்கு எடுத்த பேனர் புகைப்படம். மூன்று பிரிவை ஒரே ஆளிடம் தள்ளி, அவருக்கும் தொகுப்பூதியம் பேசி, அதையும் மாதக்கணக்கில் நிலுவை வைக்கும் நிர்வாகம். பாடம் நடத்துவதையே ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனம், பாடத்தை ஒப்பந்தத்துக்கு விட்ட மாணவனை விசாரிக்கக் கமிட்டி போடுகிறது! கமிட்டியின் அறிக்கையும் போன வருடத்து அறிக்கைதான், தேதி மட்டும் மாறியிருக்கும்.

மாணவனைப் பிடிக்க இன்னொரு மென்பொருள் வாங்கும் முன்பு அந்த ஐந்து மணி நேரத்தைக் கால அட்டவணையில் போடுங்கள். அதற்கு ஆளைப் போட்டு முழுச் சம்பளம் கொடுங்கள். முடியாது என்றால் அந்த 25 மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். பொய் சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஒரு கட்டாயத் தாளும், அதற்குத் தேர்வுக் கட்டணமும் தேவையில்லை.