தூரம் கேட்டால் விகிதம் போடு

கேள்வி: மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் தாமதம், 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகவே போய்ச் சேரலாம். தூரம் எவ்வளவு? தேர்வில் இதைச் சமன்பாடு எழுதாமல் போட முடியுமா?

பதில்: முடியும். தூரம் மாறாதபோது வேகமும் நேரமும் எதிர்விகிதத்தில் இருக்கும். இங்கே வேகங்களின் விகிதம் 4:5. அதைத் திருப்பிப் போட்டால் நேரங்களின் விகிதம் 5:4. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பங்கு.

அந்த ஒரு பங்கு எத்தனை நிமிடம்? ஒன்று தாமதம், மற்றொன்று முன்னதாக என்பதால் கூட்ட வேண்டும்: 10 + 5 = 15 நிமிடம். ஆகவே 40 கி.மீ. வேகத்தில் ஆகும் நேரம் 5 × 15 = 75 நிமிடம், அதாவது ஒன்றேகால் மணி. தூரம் 40 × 1¼ = 50 கி.மீ.

சரிபார்க்க மற்ற வேகமே போதும். 50 கி.மீ. வேகத்தில் 4 × 15 = 60 நிமிடம்; தூரம் அதே 50 கி.மீ.

பலர் சறுக்குவது கூட்டல், கழித்தலில்தான். இரண்டு முறையும் தாமதம் என்றாலும், இரண்டு முறையும் முன்னதாக என்றாலும் கழிக்க வேண்டும். 10 நிமிடமும் 5 நிமிடமும் தாமதம் என்றால் ஒரு பங்கு 5 நிமிடமே. தூரம் 16⅔ கி.மீ. ஆகிவிடும்.

இரண்டு பயணங்களின் தூரம் வேறு வேறாக இருந்தால் இந்த வழி செல்லாது.