மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது

இன்று காலை எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன், "ஐ ஆம் சுவிட்சிங் ஆஃப் தி மோட்டார்" என்று உத்தர வீதி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான். ஆனால் அணைக்கவில்லை. தொட்டி நிரம்பி, குழாய் வழியாக வாசலில் கொட்டி, என் மனைவி அரைமணி நேரம் குனிந்து போட்ட கோலம் சாக்கடைக்குப் போயிற்று. மேலிருந்து அடுத்த அறிவிப்பு: "தி வாட்டர் இஸ் கமிங் டவுன்." எனக்கும் தெரிகிறது, ஐயா!

பேச ஆள் கிடைக்காதவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். தெரியும், நீங்களும் அந்தக் கட்சிதான். நானும்தான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவேன்.  ஆனால் இந்தப் பையன் கதையைக் கேளுங்கள்.

அவனுக்கு மாதக் கடைசியில் இன்டர்வியூ. செய்வதையெல்லாம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நாங்கள் காது கொடுத்து வாழ்கிறோம். ஐ ஆம் வேக்கிங் அப். ஐ ஆம் ஃபோல்டிங் தி பாய். ஐ ஆம் பிரஷிங். (வாயில் பேஸ்டோடு இதைச் சொல்வது ஒரு சாதனை.) ஐ ஆம் சர்ச்சிங் தி டவல். ஐ ஆம் நாட் ஃபைண்டிங் தி டவல். ஐ ஆம் ஸ்டில் நாட் ஃபைண்டிங். டவல் கொடியில் தொங்குவது எனக்குக் கீழிருந்தே தெரிகிறது. கத்திச் சொல்லலாம், சொன்னால் பயிற்சிக்குக் கூட்டாளியாகிவிடுவேனோ என்று பயம். பிறகு பால் வைப்பான். தி மில்க் இஸ் பாயிலிங். தி மில்க் இஸ் பாயிலிங் ஓவர். அதையும் சொல்லிக்கொண்டுதான் இருப்பான். கேஸை அணைக்கிற பேச்சே கிடையாது. வர்ணிக்கிற வேலை வந்ததும் கைகளுக்கு லீவு விட்டுவிடுகிறான்.

வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், சின்னக் குழந்தைகள் தமக்குத்தாமே உரக்கப் பேசித்தான் வேலையைச் செய்கின்றன, வளர வளர அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சிந்தனையாகிவிடுகிறது என்று எழுதினார். புத்தகம் 1934-இல் வந்தது. எங்கள் மாடியில் போனது திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

கோலத்தை மன்னித்துவிடலாம். என் எரிச்சல் அந்த 'இங்'கில். ஏற்கெனவே நமக்கு அது தாராளம். 'டெய்லி ஐ ஆம் கோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று பேசுகிறவர்கள் நாம். நடப்பதை நடக்கும்போதே வர்ணித்தால் அந்த ஒரு காலம்தான் வாயில் உரமேறும். ராஜகோபுரத்தடியில் நின்று, "தி டவர் இஸ் ஹாவிங் தர்ட்டீன் டியர்ஸ்" என்று அவன் சொன்னதை நானே கேட்டேன். அங்கே 'ஹாஸ்' போதும். கோபுரம் தன் பதின்மூன்று நிலைகளை இந்த நிமிடம் மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. இன்டர்வியூவில் கேட்கப்போவதோ, போன வேலையில் என்ன செய்தாய், ஏன் விட்டாய் என்பது. எல்லாம் இறந்த காலம். அதற்கு வாய் திறக்காது.

அதே கோபுரத்தில் வழி இருக்கிறது. பல நூற்றாண்டு மொட்டையாக நின்றதை அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் எடுத்துக் கட்டினார், 1987-இல் முடிந்தது, 236 அடி. இதைச் சொல்லிப் பார்த்தால் 'ஸ்டுட்', 'பில்ட்', 'ஃபினிஷ்ட்' எல்லாம் தானாக வந்தாக வேண்டும். வீட்டு வேலைக்கும் அப்படியே. காலையில் "ஐ ஆம் கோயிங் டு சுவிட்ச் ஆஃப் தி மோட்டார் அட் செவன்" என்று திட்டம். ஏழு மணிக்கு வாயை மூடிக்கொண்டு அணைப்பது. ராத்திரி "ஐ சுவிட்ச்ட் இட் ஆஃப்" என்று கணக்கு ஒப்பிப்பது. அதைப் போனில் பதிந்து, மறுநாள் கேட்டு, எத்தனை 'இங்' அனாவசியம் என்று எண்ணினால் தெரிந்துவிடும். சொல்கிறபோது தன் தப்பு தன் காதுக்குக் கேட்காது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. தனியாகப் பேசுகிறவன் கேள்வி கேட்பதே இல்லை. பதில் தெரிந்த விஷயம்தானே எல்லாம். நான் இரண்டு பக்கமும் நானே பேசிப் பார்த்தேன். "வேர் டிட் யூ வொர்க் பிஃபோர்?" என்று கூடத்தில் கேட்டுவிட்டு, எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து பதில் சொல்வேன்.

"யாரோட பேசறேள்?" என்றாள் மனைவி.

"பிராக்டிஸ்."

"அப்படியே மாடிக்குப் போய் அந்தப் பிள்ளையோட பண்ணுங்கோ. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தப்புப் பேசறேள்."

அதனால்தான் போகவில்லை. ஒரே தப்பைச் செய்கிற இருவர் பேசினால் திருத்துவது யார்? அது போக, தண்ணீர் வரிப் பாக்கியை அவனிடம் தமிழில்தான் கேட்க வேண்டும்.