ரசீது தராத அறையும் பதிவு செய்த அறையும்

எண்பதுகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறை வாடகைக்கு விடப்பட்டிருந்தது. ஆனால் அதை வாடகை என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வங்கி ஊழியர் ஒருவர் அதில் தங்கியிருந்தார். மாதம் பிறந்ததும் பணத்தை அம்மா கையில் கொடுப்பார். அப்பா ரசீது எழுத மாட்டார், ஒப்பந்தமும் கிடையாது. யாராவது கேட்டால் "நம்மோடு தங்கிச் சாப்பிடுகிற பையன், பேயிங் கெஸ்ட்" என்பார்.

அப்பா பயந்தது 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நினைத்து. அந்தச் சட்டத்தில் குடித்தனக்காரருக்குப் பாதுகாப்புக் கிடைக்க எழுத்து ஒப்பந்தம் தேவையில்லை. வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார் என்று நிரூபித்தால் போதும். அதன் பிறகு சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்றைக் காட்டி, சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் ஜெயித்தால்தான் அவரைக் காலி செய்ய வைக்க முடியும். எங்கள் தெருவிலேயே பின்கட்டு போர்ஷனைத் திரும்ப வாங்க வருடக்கணக்காக நடந்தவர்கள் இருந்தார்கள். ஆகவே தாளில் தடயம் வைக்காமல் இருப்பதே வீட்டுக்காரருக்குக் காவல் என்று அந்தத் தலைமுறை நம்பியது. அந்த வங்கி ஊழியரின் நிலையை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் கையில் எதுவுமே இல்லை. அண்ணன் கல்யாணத்துக்கு அறை தேவைப்பட்டபோது ஒரு வார்த்தையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். எங்கே போய்த் தங்கினார் என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

இன்று நான் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மகன் வெளியூர் போன பிறகு அவனுடைய அறை காலியாகக் கிடந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தெரிந்தவர் மூலம் கேட்டு வந்தாள். "ஆன்ட்டி, பிஜி மாதிரிதானே? அக்ரிமென்ட் எல்லாம் வேண்டாமே" என்றாள். அவளுக்குப் பெரிய அட்வான்ஸ் கேட்டுவிடுவேனோ என்ற பயம். நான் ஒப்பந்தம் இல்லாமல் சாவி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதன் காரணத்தை அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

ஒருவரை வீட்டில் தங்க வைப்பது இரண்டு வகையில் நடக்கலாம். ஒன்று, அறையை அவர் வசம் ஒப்படைத்து வாடகைக்கு விடுவது. மற்றது, அறை நம் வசமே இருக்க, அதில் தங்கிக்கொள்ள அனுமதி மட்டும் தருவது. இந்த அனுமதியை 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் லைசென்ஸ் என்கிறது. பேயிங் கெஸ்ட் என்று நாம் சொல்வது உண்மையில் இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைத் தாளின் தலைப்பு முடிவு செய்வதில்லை. டெல்லி இம்பீரியல் ஓட்டலின் அறைகளில் முடிதிருத்தும் தொழில் நடத்திய ஆர்.என். கபூரின் வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சுப்பா ராவ் அதற்கான அளவுகோலை எழுதினார். ஆவணத்தின் வடிவத்தைப் பார்க்காதே, சாரத்தைப் பார்; இரு தரப்பும் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று பார்; இடம் முழுக்க ஒருவர் வசமே இருக்கிறது என்றால் முதல் பார்வைக்கு அவர் குடித்தனக்காரர். மற்றச் சூழ்நிலைகள் அதை மாற்றலாம். இவ்வளவுதான் அதன் சாரம்.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது எளிது. அறைக்குப் பூட்டு அவளுடையது, சாவி அவளிடம் மட்டும், சமையலறையில் அவளுக்கென்று அலமாரி, நான் கதவைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் அது வாடகை அறை. இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது, அறையைப் பெருக்கி விரிப்பு மாற்றுவது நான், மூன்று வேளைச் சாப்பாடு என் பொறுப்பு, தேவைப்பட்டால் அவளை வேறு அறைக்கு மாற்றும் உரிமை எனக்கு உண்டு என்றால் அது தங்கும் அனுமதி. முதல் வகையை நடத்திக்கொண்டு, தாளில் பேயிங் கெஸ்ட் என்று எழுதினால் அது நிற்காது.

எங்கள் வீட்டில் முதல் வகைதான் இரு தரப்புக்கும் ஒத்துவந்தது. ஆகவே தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள, 2017ஆம் வருடத்து வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டத்தின் கீழ் வந்துவிட்டோம். கட்டடத்தின் ஒரு பகுதியும் அந்தச் சட்டத்துக்கு வாடகை இடம்தான். ஓட்டல், லாட்ஜ், சத்திரம் போன்றவை அதற்கு வெளியே. அப்பாவின் கணக்கு முழுக்கத் தலைகீழானது இந்தச் சட்டத்தில்தான். இப்போது எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி இடத்தைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய வாய்மொழிக் குடித்தனங்கள் பல அந்தக் காரணத்தாலேயே நீதிமன்றம் ஏறின. தாள் இல்லாதது அன்று வீட்டுக்காரரின் காவலாக இருந்தது, இன்று குடித்தனக்காரரின் கவலை. "எனக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே, உனக்காகவும்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது இதை வைத்துத்தான்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே தேவையில்லை என்ற நம்பிக்கை இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதிலிருந்து வந்த பழக்கம் அது. ரெண்ட் அதாரிட்டியிடம் பதிவது வேறு வேலை. பதினொரு மாதமானாலும் அது உண்டு. ஒப்பந்தம் போட்ட 90 நாளைக்குள் www.tenancy.tn.gov.in தளத்தில் இரு தரப்பு விவரங்களையும், அடையாளச் சான்றுகளையும், ஒப்பந்தத்தையும் ஏற்ற வேண்டும். அது முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும். நாங்கள் அந்த எண்ணை ஒப்பந்தத்தின் இரு பிரதிகளிலும் எழுதி வைத்துக்கொண்டோம்.

வாடகை மாதம் 12,000 ரூபாய் என்று முடிவானது. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் அவள் ஊரில் கடன் வாங்க வேண்டியிருக்கும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த விதிவிலக்கை வைத்துத்தான் பத்து மாத வழக்கம் இன்னும் நடக்கிறது. நான் 36,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டேன். ஓர் அறையில் நேரக்கூடிய சேதத்துக்கும் பாக்கிக்கும் அதுவே தாராளம்.

ஒப்பந்தத்தில் "ஓர் அறை" என்று மட்டும் எழுதினால் சண்டைக்கு வழி வைத்ததாகும். கிழக்குப் பக்கத்துப் படுக்கையறை, அதோடு இணைந்த குளியலறை, கூடத்தையும் சமையலறையையும் பொதுவில் பயன்படுத்தும் உரிமை, இரு சக்கர வாகனத்துக்கு இடம் என்று பிரித்து எழுதினோம். இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். என் எழுத்துச் சம்மதமின்றி இன்னொருவரை அறையில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. உள்வாடகைக்கு இந்தச் சம்மதத்தைச் சட்டமே கேட்கிறது. இது நானே வாடகைக்கு இருந்தாலும் பொருந்தும். வாடகை ஃபிளாட்டில் இருந்துகொண்டு ஓர் அறையை விடுகிறவர்கள், முதலில் தங்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அது இல்லாமல் விட்டால் அவர்களுடைய குடித்தனமே போகும்.

மின்கட்டணத்தில்தான் உறவுகள் கெடுகின்றன. கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதம் ஏறிவிடும். அவளுடைய ஏசிக்கும் அறைக்கும் ஒரு சப் மீட்டர் வைத்தோம். கோடையில் வீட்டு மொத்தம் 620 யூனிட், அவள் அறை 210. அவள் இல்லையென்றால் நாங்கள் 410இல் நின்றிருப்போம், ஏறின விகிதம் முழுக்க அவளால்தான் என்று வாதாடலாம். நாங்கள் இல்லையென்றால் அவளுக்கு மலிவான யூனிட்டுகளே கிடைத்திருக்கும் என்று அவளும் வாதாடலாம். ஆகவே பில் தொகையை யூனிட் விகிதத்தில் பிரிப்பது என்று முன்பே எழுதி வைத்தோம். அவள் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தானாக ஒரு கூடுதல் விலை வைப்பதை நான் நியாயமென்று நினைக்கவில்லை.

குடியேறிய வாரமே அவள் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். 2012 பிப்ரவரியில் இதே வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, மாநகரக் காவல் துறை வீட்டுக்காரர்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியது. தங்க வருபவர் வெளிநாட்டவர் என்றால் இன்னும் கண்டிப்பு. வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். சங்கச் செயலாளருக்கும் எழுத்தில் தெரிவித்தேன். அங்கே அவர் கேட்ட ஒரே கேள்வி, ஓர் ஆளா அல்லது விடுதியா என்பது. அது சரியான கேள்வி. பெண்களைக் கட்டில் கட்டிலாகச் சேர்த்துப் பணம் வாங்கினால், 2014ஆம் வருடத்துச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டியிருக்கும். ஒரு ஃபிளாட்டில் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்தும்.

வருமான வரிக்காக அவள் என் பான் எண் கேட்டபோது தயங்காமல் கொடுத்தேன். வருடத்துக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டினால் வாடகைப்படி விலக்குக்கு அவள் அலுவலகம் அதைக் கேட்கத்தான் செய்யும். நானும் அதை வருமானமாகக் காட்டுகிறேன். அதில் 30 சதவீதம் கழிவு உண்டு. பான் தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களின் வரிச் சலுகையைப் பறிக்கிறார்கள்.

சாவி கொடுத்த பிறகு கட்டுப்பட வேண்டியவள் நான். அறைக்குள் போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் காரணத்தோடு சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவள் ஒத்துக்கொண்டபடி. கோபத்தில் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினால் ரெண்ட் அதாரிட்டியிடம் அவள் போகலாம். தங்கும் அனுமதி மட்டும் தந்திருந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. அனுமதியை ரத்து செய்தால், சாமான்களை எடுத்துக்கொண்டு போக நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று அந்த 1882 சட்டமே சொல்கிறது. எங்கள் முன்னறை வங்கி ஊழியருக்கும் அந்த உரிமை இருந்தது.

அவள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போன மாதம், முதல் நாள் எடுத்த புகைப்படங்களையும் அறையையும் இருவருமாக ஒப்பிட்டுப் பார்த்தோம். குளியலறைக் குழாய் ஒன்று உடைந்திருந்தது, கடைசி மின்கட்டணம் பாக்கி இருந்தது. சுவர் மங்கியதைச் சேதமாக நான் எண்ணவில்லை. குடியிருந்தால் சுவர் மங்கும். குழாய்க்கு 850, மின்சாரத்துக்கு 1,150, ஆக 2,000 ரூபாயைக் கழித்து, கடைக்காரரின் பில்லோடு 34,000 ரூபாயை அவள் வங்கிக் கணக்கில் போட்டேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். சாவி வாங்கிய அன்று மாலையே அனுப்பிவிட்டேன், புது ஊரில் அட்வான்ஸ் கட்ட அவளுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது.