மாநாட்டார்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் மாநாட்டார் ஒருவர் இருப்பார். அடையாளம் காண்பது எளிது. மாநாடு வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தாலும் அடுத்த புதன்வரை அதன் பட்டை அவர் கழுத்தில் தொங்கும். அலுவலக அடையாள அட்டையும் அதோடு சேர்ந்து தொங்குவதால், கதவு திறக்க எதைக் காட்டுவது என்று ஒரு கணம் தடுமாறுவார். மேசையில் புதிதாக ஒரு தண்ணீர்க் குடுவை, மடிக்கணினியில் புதிதாக நாலு ஒட்டிகள். வாயைத் திறந்தால், "பெங்களூர்ல என்ன சொல்றாங்கன்னா..."

எங்கள் குழு மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருளைப் பராமரிக்கிறது. எங்கள் மாநாட்டாரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணம் மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். மேலாளர் தலை நிமிர்ந்தபோது எதிரில் இவர் நின்றார், அவ்வளவுதான். நிபந்தனை ஒன்றே ஒன்று: திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் அறிக்கை தரவேண்டும். என்னென்ன அமர்வுகள், என்ன கற்றார், குழு என்ன செய்யவேண்டும் என மூன்று பகுதி.

அறிக்கை ஒரு வாரத்தில் வரவில்லை. நிதித்துறை கேட்டது. அறிக்கை இணைக்காமல் பயணப்படி வராது என்றதும் அன்று மாலையே வந்துவிட்டது, பதினான்கு பக்கம்.

முதல் பகுதி பிரமாதம். பதினொரு அமர்வுகளுக்கும் தலா ஒரு பத்தி, ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே மிடுக்கு. படித்துக்கொண்டே போன எங்கள் குழுவின் அக்காவுக்கு ஆறாவது பத்தியில் பொறி தட்டியது. "இந்த அமர்வில் பேச்சாளர் தரவுத்தளத்தை நிறுத்தாமல் இடம் மாற்றும் முறையை விளக்குவார்" என்று இருந்தது. மற்ற பத்தியெல்லாம் "விளக்கினார்". மாநாட்டுக்கு முன்பே அச்சிட்டுத் தரும் நிகழ்ச்சி நிரலை எடுத்து, எதிர்காலத்தை இறந்தகாலமாக்குவதுதான் அவர் கையாண்ட முறை. ஆறாவதில் மட்டும் கை தவறிவிட்டது.

ஒன்பதாவது அமர்வு இன்னும் சுவாரசியம். பேச்சாளர் விமானத்தைத் தவறவிட்டதால் அந்த அமர்வு நடக்கவே இல்லை என்பது அதே மாநாட்டுக்குப் போன பக்கத்துக் குழுப் பையன் சொல்லித் தெரிந்தது. அறிக்கையிலோ அது "மிகுந்த வரவேற்பைப் பெற்றது". அந்த நேரத்தில் மாநாட்டார் காந்தி பஜாரில், வித்யார்த்தி பவனில் மசால் தோசைக்குக் காத்திருந்தார். 1943இலிருந்து நடக்கும் கடையை விட்டுவிட்டு வருவதற்கு அவர் என்ன கல் நெஞ்சரா?

நேர்மையாகச் சொன்னால் எல்லா அமர்வுக்கும் அவர் போகாமல் இல்லை. போனதற்குச் சாட்சியாகப் படங்கள் இருக்கின்றன. திரையைப் படமெடுத்திருக்கிறார், முக்கால்வாசியில் முன்வரிசைக்காரரின் தலை, மீதியில் பாதி வரைபடம். ஒரு படத்தில் கோடு சர்ரென்று மேலே ஏறுகிறது. ஏறுவது வருமானமா, பிழையா என்று சொல்லும் அச்சு அந்தத் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அறிக்கையில் அதற்குக் கீழே, "இதிலிருந்து தெளிவாகிறது" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பகுதி, கற்றவை. இங்கேதான் பிழை ஒதுக்கீடு என்ற கருத்து வந்தது. கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாகப் பரவியது அது. எந்த அமைப்பும் நூற்றுக்கு நூறு ஓடாது. ஓட வைக்க முயன்றால் செலவு தாங்காது. அதனால் மாதத்தில் எத்தனை நிமிடம் நின்றால் பரவாயில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவைத்த பணம்போல நடத்தவேண்டும். மிச்சம் இருக்கும்வரை புதிய வசதிகளைத் துணிந்து வெளியிடலாம். தீர்ந்துவிட்டால் வெளியீட்டை நிறுத்திவிட்டு ஓட்டையை அடைக்கவேண்டும்.

மாநாட்டார் இதைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம் இலக்கு 99.99 சதவீதமாக இருக்கவேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். குழுக் கூட்டத்தில் அக்கா வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டார்.

"முப்பது நாளுக்கு 43,200 நிமிஷம். 99.9ன்னு வச்சா மாசம் 43 நிமிஷம் நிக்கலாம். நீங்க கேக்கற 99.99க்கு நாலு நிமிஷம், பத்தொன்பது செகண்ட்."

"மாசம் பூராவுக்கும் நாலு நிமிஷமாக்கா?" என்றான் பயிற்சிக்கு வந்த பையன்.

"மாசம் பூராவுக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்குது. நீ முழிச்சு, கண்ணாடிய தேடி, மடிக்கணினிய திறந்து, உள்ள நுழையற கடவுச்சொல் போட்டு, போனுக்கு வர்ற எண்ணையும் அடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மாசக் கோட்டா காலி. பிரச்சினை என்னன்னே இன்னும் நீ பாக்கல."

அந்த இலக்கு வேண்டுமென்றால் மனிதர் எழுந்து வருவதற்குள் இயந்திரமே தன்னைச் சரிசெய்துகொள்ளவேண்டும். ஒரு தரவுத்தளம் படுத்தால் இன்னொன்று தானாகப் பொறுப்பேற்கவேண்டும். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்தால் வெளியீட்டை நிறுத்தவேண்டும் என்பதை விற்பனைத் தலைவர் ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாத இடத்தில் பிழை ஒதுக்கீடு என்பது பலகையில் எழுதிய ஒரு எண், அவ்வளவுதான். அறிக்கையில் விற்பனைத் தலைவர் பேரே இல்லை.

மூன்றாம் பகுதி, குழு செய்யவேண்டியவை. பதினேழு இருந்தன. ஒன்றுக்கும் ஆள் பெயர் கிடையாது, தேதியும் கிடையாது. ஆராய, பரிசீலிக்க, சாத்தியக்கூறு பார்க்க என்று எல்லா வேலைகளும் காற்றில் நின்றன. துணிந்து ஒரு செயலைச் சொன்ன இடம் ஒன்றுதான். கேயாஸ் மங்கியை இங்கேயும் அவிழ்த்துவிடலாமாம்.

கேயாஸ் மங்கி நெட்ஃபிளிக்ஸ் எழுதிய நிரல். 2012இல் அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதாவது ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்து அணைத்துவிடும். ஒன்று போனாலும் மற்றவை தாங்குமா என்று நிஜத்திலேயே சோதிக்கும் ஏற்பாடு. அதில் இரண்டு விஷயம் அடக்கம். அணைந்ததன் இடத்தைப் பிடிக்க வேறு சர்வர்கள் இருக்கவேண்டும்; பொறியாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அலுவலக நேரத்தில்தான் அதை ஓடவிடுவார்கள். மாநாட்டார் வெள்ளி மாலை ஆறு மணிக்கு என்று எழுதியிருந்தார். "அப்ப கூட்டம் குறைவா இருக்கும்" என்பது அவர் வாதம்.

"நம்மகிட்ட இருக்கற ஒத்த தரவுத்தளத்த குரங்கு அணைச்சா, மத்தது எது தாங்கும்?" என்று கேட்டார் அக்கா. "வெள்ளி சாயங்காலம்தான் வீட்டுக்குப் போற நோயாளிங்க பில்லுக்கு நிப்பாங்க. அவங்க சொந்தக்காரங்க வேணும்னா நம்மள தாங்குவாங்க."

இத்தோடு அறிக்கையின் கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் மறுநாள் கேன்டீனில், பயிற்சிப் பையனிடம் மாநாட்டார் பெங்களூரு சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிசிபேளாபாத் வரிசை நீளம் என்றார். முன்னால் நின்றவர் ஏதோ டிக்கெட் விற்கும் நிறுவனத்துக்காரர் என்றார். "அவங்க ஆளுங்களுக்கு ராத்திரி அலாரமே ரொம்ப வராதாம்டா. ஒவ்வொரு அலாரத்துக்கும், இது அடிச்சா எழுந்து என்ன செய்யணும்னு ஒரு வரி எழுதச் சொன்னாங்களாம். எழுத முடியாததையெல்லாம் தூக்கிட்டாங்களாம்."

பக்கத்து மேசையில் அக்காவின் கரண்டி நின்றது. "இது ஏன் அறிக்கைல இல்ல?"

"அது அமர்வு இல்லையேக்கா," என்றார் மாநாட்டார். "சாப்பாட்டு வரிசை."

அன்று பிற்பகலே அக்கா முந்தின மாதத்து இரவு அலாரங்களை ஒரு அட்டவணையில் இறக்கினார். 60 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார் எழுந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னார். 41க்கு எதிரே ஒரே பதில்: "பார்த்தேன், தானே சரியாகிவிட்டது." இரண்டு நொடி திணறிவிட்டு மூச்சு திரும்பிய சர்வருக்கெல்லாம் நாங்கள் எழுந்து உட்கார்ந்திருக்கிறோம். இப்படியே அடித்துக்கொண்டிருந்தால், நிஜமான அலாரமும் அதே கூட்டத்தில் ஒன்றாகத்தான் தூக்கக் கலக்கத்தில் கேட்கும். ஆபத்து அங்கேதான். அந்த 41ஐயும் அணைத்துவிட்டோம்.

இன்னொரு 11, வட்டு 80 சதவீதம் நிரம்பிவிட்டது என்ற அலாரம். அந்த எண்ணிலேயே கோளாறு. நாளுக்கு ஒரு சதவீதம் வளரும் வட்டு 80ஐத் தொட்டால் இன்னும் இருபது நாள் இருக்கிறது. காலையில் காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம். மணிக்குப் பத்து சதவீதம் வளரும் வட்டு 60இல் இருந்தால் நாலே மணி நேரம்தான். அதற்கு எங்களிடம் அலாரமே கிடையாது. எவ்வளவு நிரம்பியது என்பதைக் கேட்காமல், இந்த வேகத்தில் எப்போது நிரம்பும் என்று கேட்கும்படி அதை மாற்றினோம். எட்டு மணி நேரத்துக்குள் என்றால் எழுப்பு, இல்லையென்றால் காலையில் பட்டியலில் சேர்.

மிச்சம் எட்டு. அவற்றுக்கு நிஜமாகவே ஒரு ஆள் எழுந்து ஏதோ செய்திருந்தார். அந்த எட்டுக்கும் செய்யவேண்டியதை ஒரு வரியில் எழுதிவைத்தோம். வேலைக்கு ஆள் பெயர் போட்டோம், தேதி போட்டோம். அணைத்த அலாரத்தால் ஏதாவது ஒரு கோளாறு கண்ணுக்குத் தப்பினால் அந்த அலாரத்தை மட்டும் திரும்பச் சேர்ப்பது என்றும் எழுதிக்கொண்டோம்.

பதினான்கு பக்க அறிக்கை பொது வட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் நிதித்துறை, மேலாளர், அப்புறம் அடுத்து மாநாட்டுக்குப் போகவிருக்கும் ஒருவர். தலைப்புகளை மட்டும் நகலெடுக்க வந்திருக்கிறார்.

மாநாட்டாரும் சும்மா இல்லை. அடுத்த ஆண்டு மாநாட்டில் பேச விண்ணப்பம் போட்டார், "அலாரத்தைக் குறைத்த கதை" என்று. "இந்த அமர்வில் பேச்சாளர் விளக்குவார்" என்று சுருக்கமும் எழுதினார். இம்முறை எதிர்காலம் தன் இடத்தில் சரியாக இருந்தது. தேர்வும் ஆனது. மேடையேறியபோது மூன்றாவது வரிசையில் ஒரு தெரிந்த முகம். பிசிபேளாபாத் வரிசையில் முன்னால் நின்றவர். தன் நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டுமே என்று, விழுந்து விழுந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.