மௌனம் மேதகு அலுவலகத்தின் மொழி

ஒரு பேட்டரி வியாபாரி. மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு யுபிஎஸ் பேட்டரி தரும் டெண்டரில் கலந்துகொண்டார். ஈ.எம்.டி. நாற்பதாயிரம் ரூபாய் கட்டினார். இரண்டு கவர் முறை: ஒன்றில் தகுதி ஆவணங்கள், மற்றொன்றில் விலை. மாதங்கள் போயின. ஒருநாள் அந்த அலுவலக வாசலில் வேறொருவரின் வேன் பேட்டரிகளை இறக்குவதைக் கண்டார். தான் தோற்ற செய்தியை அவருக்கு அறிவித்த ஒரே அரசு ஊழியர் அந்த வேன்தான். அதுவும் தனியாருடையது.

மனு எழுதிக் கேட்டபின் பதில் வந்தது. "தங்கள் ஒப்பந்தப்புள்ளி நிர்வாகக் காரணங்களால் ஏற்கப்படவில்லை. வருந்துகிறோம்." ஆஹா, என்ன ஒரு வருத்தம்! காரணம் சொல்லாமல் வருந்துவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

உண்மைக் காரணம் என்ன தெரியுமா? அவர் கொடுத்த உற்பத்தியாளர் அங்கீகாரக் கடிதத்தில் போன வருட டெண்டரின் எண் இருந்தது. அவ்வளவுதான். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் இந்த வருட எண்ணோடு புதுக் கடிதம் வந்திருக்கும். ஆனால் மதிப்பீட்டுக் குழுவைக் குறை சொல்ல முடியாது. இந்த டெண்டருக்கான வாரண்டிக்கு கம்பெனி பொறுப்பேற்கிறதா என்பதை அந்தக் கடிதம்தான் சொல்ல வேண்டும், பழைய எண் அதைச் சொல்லவில்லை. நிராகரிப்பு நியாயமே. நியாயமான முடிவைத் திருட்டுப் பொருளைப் போல ஒளித்து வைத்ததுதான் அநியாயம்.

ஏன் ஒளிக்கிறார்கள்? "எழுத்தில் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போவான், சார்." சரி, கொடுக்காவிட்டால்? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் 11ஆம் பிரிவுப்படி, ஏற்பு உத்தரவால் பாதிக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவே கிடைக்காதவருக்கு அந்தப் பத்து நாள் எப்போது தொடங்கும்? நம் அலுவலகக் கணக்குப்படி, பேட்டரி பழசாகி ஏலத்துக்குப் போகும் நாளில். வென்றவரை ஏன் ஏற்றோம் என்பதை ஒப்பீட்டுப் பட்டியலோடு எழுதி அனுப்பச் சொல்கிறது அதே சட்டம். ஆக, காரணம் எழுதத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். வென்றவருக்கு ஒரு பக்கம் எழுதும் பேனா தோற்றவரிடம் வந்ததும் மை தீர்ந்துபோகிறது.

இத்தனைக்கும் எழுத வேண்டியது பத்து வரி. மேதகு அதிகாரிகள் நகலெடுத்துக்கொள்ள வசதியாக இதோ:

"அய்யா, யுபிஎஸ் பேட்டரி வழங்கலுக்கான தங்கள் ஒப்பந்தப்புள்ளி தொழில்நுட்ப மதிப்பீட்டில் ஏற்கப்படவில்லை. நிபந்தனை 7, இந்த டெண்டரின் எண்ணைக் குறிப்பிடும் உற்பத்தியாளர் அங்கீகாரக் கடிதத்தைக் கோருகிறது. தாங்கள் அளித்த ஆவணங்களின் 43ஆம் பக்கத்தில் உள்ள கடிதம் முந்தைய டெண்டருக்கு உரியது. இதனால் தங்கள் விலைக் கவர் திறக்கப்படவில்லை. மற்ற ஆவணங்களில் குறை காணப்படவில்லை. ஈ.எம்.டி. தொகை தங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இந்த நிராகரிப்பு தங்களைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதாகாது. அடுத்த டெண்டரில் சரியான கடிதத்துடன் கலந்துகொள்ளலாம். மேல்முறையீட்டு உரிமை தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் உள்ளது."

இதில் வருத்தம் எங்கே என்று தேடாதீர்கள், தேவைப்படவில்லை. 'தங்கள் தரம் போதவில்லை' என்று பொத்தாம்பொதுவாகவும் இல்லை. எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், என்ன குறை, அவ்வளவுதான். 'மற்ற ஆவணங்களில் குறை காணப்படவில்லை' என்ற வரியைப் பாருங்கள். அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று வியாபாரிக்கு அதுதான் சொல்கிறது. கதவைத் திறந்து வைப்பது அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது. 'எதிர்காலத்தில் தங்கள் ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்' என்ற தோரணத்தில் அல்ல. 'அடுத்த ஆர்டர் உங்களுக்குத்தான்' என்று வாய்விடுபவர் இன்னொரு வகை ஆபத்து, அவருக்கு லஞ்ச ஒழிப்புத் துறையே பதில் எழுதும்.

விலையில் தோற்றவருக்கு இன்னும் எளிது. தகுதியில் தேறினீர்கள், எல் ஒன் இன்ன விலை, உங்கள் விலை இன்னது. விலைக் கவர் திறந்த பிறகு அதில் என்ன ரகசியம்? போட்டியாளரின் வரைபடத்தையும் தயாரிப்பு விவரத்தையும் மட்டும் கொடுக்காதீர்கள்.

காரணம் சொல்லாத அலுவலகத்துக்கு ஒரு பரிசும் கிடைக்கிறது. நேர்மையாக விலை போடுபவர்கள் அலுத்து ஒதுங்குகிறார்கள். கடைசியில் இரண்டே பேர் மிஞ்சுகிறார்கள், அவர்களும் முந்தின நாள் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து விலை பேசுகிறார்கள். பிறகு 'போட்டி குறைவு' என்று கோப்பில் ஒரு பத்தி.

டெண்டரில் தோற்றவர்களே, வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். நிபந்தனை எண்ணோடு எழுத்தில் கேளுங்கள், ஈ.எம்.டி. எப்போது வரும் என்றும் கேளுங்கள். அதிகாரிகளே, காரணத்தை எழுத உங்களால் முடியவில்லை என்றால் அந்த நிராகரிப்பை ரத்து செய்துவிடுங்கள்.